ஒப்பீட்டு என்ட்ரோபி ஏன் மைனஸுக்குப் போவதில்லை: ln x ≤ x − 1 என்ற ஒரே வரியிலிருந்து முழு நிரூபணம்

சென்னையில் நவம்பர் மாதத்து நாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மழை இல்லாமல் போகலாம், லேசாகப் பெய்யலாம், கொட்டித் தீர்க்கலாம். இந்த மூன்றுக்கும் உண்மையான நிகழ்தகவுகள் 0.5, 0.3, 0.2 என்று வைத்துக்கொள்வோம். இதை P என்போம். நுங்கம்பாக்கத்திலோ மீனம்பாக்கத்திலோ அளந்து எடுத்த எண்கள் அல்ல இவை. கணக்கைக் கையால் போட்டுப் பார்க்க வசதியாக நானே வைத்த எண்கள்.

இன்னொருவர் ஆண்டு முழுவதற்குமான சராசரியை வைத்து அதே நாளைக் கணிக்கிறார். சென்னைக்கு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. அதனால் ஆண்டுச் சராசரியை நம்புகிறவர் நவம்பர் மழையைக் குறைத்தே மதிப்பிடுவார். அவருடைய பரவல் Q: 0.7, 0.2, 0.1.

Q என்ற நம்பிக்கை P என்ற உண்மையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை அளப்பதுதான் ஒப்பீட்டு என்ட்ரோபி. 1951-ல் குல்பேக், லைப்லர் என்ற இரு கணித அறிஞர்கள் எழுதிய கட்டுரையிலிருந்து இது பரவலானது. அதனால் கேஎல் டைவர்ஜென்ஸ் என்ற பெயரும் உண்டு. வரையறை இது:

D(P‖Q) = Σ pᵢ ln(pᵢ/qᵢ)

ஒவ்வொரு நிகழ்வுக்கும் P தரும் மதிப்பை Q தரும் மதிப்பால் வகுத்து, அதன் மடக்கையை எடுத்து, P-யின் எடையைப் போட்டுக் கூட்டுகிறோம். இந்தக் கூட்டுத்தொகை ஒருபோதும் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது. இந்த முடிவுக்குக் கிப்ஸ் சமனிலி என்று பெயர்.

முதலில் நம் எண்களைப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

மழை இல்லை: 0.5 × ln(0.5/0.7) = −0.1682
லேசான மழை: 0.3 × ln(0.3/0.2) = 0.1216
கனமழை: 0.2 × ln(0.2/0.1) = 0.1386
மொத்தம்: 0.0920

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதியபோது கிண்டியில் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டார்: "சார், முதல் உறுப்பே மைனஸ்ல இருக்கே. மத்த ரெண்டும் சேர்ந்து அதை எப்பவும் தூக்கி நிறுத்திடும்னு என்ன உத்தரவாதம்?" இந்தத் தேற்றத்தில் கேட்க வேண்டிய சரியான கேள்வி இதுதான். மைனஸ் உறுப்பு வருவது தற்செயலும் அல்ல. P-யும் Q-வும் வேறுபட்டால், எங்கோ ஓர் இடத்தில் Q அதிகம் கொடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் இரண்டின் கூட்டுத்தொகையும் 1. மூன்று நிகழ்வுகளிலும் P மட்டுமே பெரிதாக இருக்க வழியில்லை. ஆகவே Q எல்லா நிகழ்வுகளுக்கும் இடம் கொடுத்திருந்து, P-யும் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்திருந்தால், மைனஸ் உறுப்பு ஒன்றாவது நிச்சயம் இருக்கும். அப்படியிருந்தும் மொத்தம் மைனஸாவதில்லை. அதற்கான காரணத்தைத்தான் படிப்படியாகப் பார்க்கப்போகிறோம்.

படி 1: மடக்கைக்கு ஒரு மேல் வரம்பு

நமக்குத் தேவைப்படும் ஒரே கருவி இது: x > 0 ஆக இருக்கும் எல்லா x-க்கும்

ln x ≤ x − 1

x = 1 என்ற ஒரே இடத்தில்தான் இரண்டு பக்கமும் சமம்.

நிரூபிக்க, வித்தியாசத்தை எடுத்துக்கொள்வோம்: f(x) = x − 1 − ln x. இது எங்கும் மைனஸாகாது என்று காட்டினால் போதும். இதன் வகைக்கெழு f′(x) = 1 − 1/x. x ஒன்றை விடச் சிறியதாக இருக்கும்போது 1/x ஒன்றை விடப் பெரியது, ஆகவே f′ மைனஸ், f இறங்கிக்கொண்டிருக்கிறது. x ஒன்றைத் தாண்டியதும் f′ பிளஸ், f ஏறுகிறது. இறங்கி வந்து 1-ல் திரும்பி ஏறும் சார்பு என்பதால் மிகக் குறைந்த மதிப்பு 1-ல்தான் இருக்கும். அங்கே f(1) = 1 − 1 − 0 = 0. மற்ற எல்லா இடத்திலும் f கண்டிப்பாகப் பூஜ்ஜியத்துக்கு மேல். முடிந்தது.

படம் வரைந்து பார்க்க விரும்புகிறவர்கள் ln x-இன் வளைகோட்டையும் y = x − 1 என்ற நேர்கோட்டையும் ஒரே தாளில் வரையுங்கள். நேர்கோடு x = 1-ல் வளைகோட்டைத் தொட்டுவிட்டு, இரண்டு பக்கமும் அதற்கு மேலேயே போகும்.

இங்கே ln என்பது இயல் மடக்கை, அதாவது e அடிமானம். இதைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. தகவல் கோட்பாட்டில் பிட் கணக்குக்காக அடிமானம் 2 எடுப்பது வழக்கம். அந்தப் பழக்கத்தில் log₂ x ≤ x − 1 என்று எழுதிவிடுகிறவர்கள் நிறைய. அது தவறு. x = 1.5 போட்டுப் பாருங்கள்: log₂ 1.5 = 0.585, ஆனால் x − 1 = 0.5. சமனிலி அங்கேயே உடைந்துவிட்டது. log₂ x வளைகோட்டை x − 1 என்ற கோடு தொட்டுக்கொண்டு போவதில்லை. 1-லும் 2-லும் அதை வெட்டுகிறது, நடுவில் வளைகோடு மேலே நிற்கிறது. அடிமானம் 2-க்குச் சரியான வடிவம் log₂ x ≤ (x − 1)/ln 2. தேற்றத்தைப் பொறுத்தவரை இதனால் எதுவும் மாறாது. ln-இல் கிடைத்த D-ஐ ln 2-ஆல் வகுத்தால் பிட்டில் வரும் D, நம் எடுத்துக்காட்டில் சுமார் 0.133 பிட். பூஜ்ஜியத்தை விடப் பெரிய எண்ணை இன்னொரு பிளஸ் எண்ணால் வகுத்தால் குறி மாறாது. ஆகவே நிரூபணத்தை ln-இல் செய்துவிட்டு, வேண்டுமானால் கடைசியில் பிட்டுக்கு மாற்றிக்கொள்வதே நல்லது.

படி 2: x என்ற இடத்தில் எதை வைப்பது

நிரூபணத்தின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. D-க்குள் இருக்கும் விகிதம் p/q. அதையே x ஆக வைக்கத்தான் கை போகும். வைத்துப் பார்ப்போம்:

p ln(p/q) ≤ p(p/q − 1) = p²/q − p

எல்லாவற்றையும் கூட்டினால் D ≤ Σ p²/q − 1. இது உண்மைதான், பயனுள்ளதும்கூட. வலது பக்கத்தில் நிற்பது புள்ளியியலில் கை-ஸ்கொயர் விலகல் எனப்படும் அளவு. நம் எண்களுக்கு அது 0.2071, D-யின் 0.0920-ஐ விடப் பெரியது, சரியாகவே இருக்கிறது. ஆனால் நமக்கு வேண்டியது இது அல்ல. D எவ்வளவு மேலே போகலாம் என்று இது சொல்கிறது. D எவ்வளவு கீழே போகலாம் என்பதுதான் நம் கேள்வி.

மடக்கைக்கு நம்மிடம் இருப்பது மேல் வரம்பு. கீழ் வரம்பு வேண்டுமென்றால் குறியைத் திருப்ப வேண்டும். ln(p/q) = −ln(q/p) என்பதால் விகிதத்தைத் தலைகீழாக்கி, x = q/p என்று வைப்போம்:

ln(q/p) ≤ q/p − 1

இரண்டு பக்கத்தையும் −p ஆல் பெருக்கினால் சமனிலியின் திசை திரும்பும்:

p ln(p/q) ≥ p − q

மாணவியின் கேள்விக்குப் பதில் இந்த வரியில் இருக்கிறது. ஒவ்வொரு உறுப்பும் மைனஸாகலாம், ஆனால் இஷ்டத்துக்கு அல்ல. p − q என்ற எல்லைக்குக் கீழே அதனால் போக முடியாது. நம் மூன்று உறுப்புகளிலும் சரிபார்த்துவிடலாம்:

மழை இல்லை: −0.1682, எல்லை 0.5 − 0.7 = −0.2
லேசான மழை: 0.1216, எல்லை 0.3 − 0.2 = 0.1
கனமழை: 0.1386, எல்லை 0.2 − 0.1 = 0.1

மூன்றும் தத்தம் எல்லைக்கு மேலேயே நிற்கின்றன. இப்போது எல்லைகளை மட்டும் கூட்டுங்கள்: −0.2 + 0.1 + 0.1 = 0. இது தற்செயல் இல்லை. P-யின் கூட்டுத்தொகை 1, Q-வின் கூட்டுத்தொகையும் 1, வித்தியாசங்களின் கூட்டுத்தொகை பூஜ்ஜியமாகத்தான் இருக்க முடியும்.

இன்னும் ஒரு அடி போவோம். ஒவ்வொரு உறுப்பும் தன் எல்லையை விட எவ்வளவு கூடுதல் என்று பார்ப்போம். முதலாவது 0.0318, இரண்டாவது 0.0216, மூன்றாவது 0.0386. மூன்றுமே பிளஸ். கூட்டினால் 0.0920, அதாவது அதே D. எல்லைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிட, மிஞ்சுவது இந்தக் கூடுதல்கள் மட்டுமே. ஆகவே D-ஐ இப்படியும் எழுதலாம்:

D(P‖Q) = Σ ( pᵢ ln(pᵢ/qᵢ) − pᵢ + qᵢ )

அடைப்புக்குள் இருக்கும் ஒவ்வொன்றும் தனித்தனியாகவே மைனஸாகாது. பிளஸ் உறுப்புகள் மைனஸ் உறுப்பைத் தூக்கி நிறுத்துகின்றன என்ற பார்வையே இந்த வடிவத்தில் தேவையில்லாமல் போய்விடுகிறது, ஏனென்றால் தூக்கி நிறுத்த மைனஸ் எதுவும் இல்லை. பாடப்புத்தகங்களில் பலவும் குவிவுச் சார்புகளுக்கான ஜென்சன் சமனிலியை வைத்து இதே தேற்றத்தை ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வழியில் ஒவ்வொரு நிகழ்வும் தனியாக என்ன பங்களிக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. மடக்கை வரம்பு வழியில் அது தெரிகிறது. நான் இந்த வழியைச் சொல்லித்தருவதற்குக் காரணம் அதுதான்.

படி 3: பூஜ்ஜியங்களைக் கையாளுதல்

மேலே சொன்ன வாதத்தில் q/p என்று வகுத்தோம். p பூஜ்ஜியமாக இருந்தால் என்ன செய்வது? q பூஜ்ஜியமாக இருந்தால்? நிரூபணத்தில் மதிப்பெண் குறையும் இடம் இதுதான், ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

p = 0 என்றால் அந்த உறுப்பின் மதிப்பைப் பூஜ்ஜியம் என்றே கொள்வது மரபு. p பூஜ்ஜியத்தை நெருங்கும்போது p ln p-யும் பூஜ்ஜியத்தை நெருங்குவதால் இது இயல்பான ஏற்பாடு. p > 0 ஆக இருந்து q = 0 என்றால் D முடிவிலி. நடக்கக்கூடிய ஒன்றை நடக்கவே நடக்காது என்று Q சொல்லிவிட்டது, அதற்கு விலகல் எல்லையற்றது. முடிவிலி பூஜ்ஜியத்தை விடப் பெரியதுதான், அந்த வழக்கில் நிரூபிக்க ஒன்றுமில்லை.

மிச்சமிருக்கும் வழக்கில் p > 0 ஆக உள்ள நிகழ்வுகளின் தொகுப்பை S என்போம். S-க்குள் q எல்லாமே பூஜ்ஜியத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். கூட்டல் S-க்குள் மட்டுமே நடக்கிறது:

D = Σ_S p ln(p/q)
  ≥ Σ_S (p − q)
  = 1 − Σ_S q
  ≥ 0

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். S-க்குள் p-களைக் கூட்டினால் 1, ஏனென்றால் S-க்கு வெளியே p இல்லை. ஆனால் S-க்குள் q-களைக் கூட்டினால் 1 வர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. P இடமே கொடுக்காத ஒரு நிகழ்வுக்கு Q கொஞ்சம் கொடுத்திருக்கலாம். அப்போது S-க்குள் q-களின் கூட்டுத்தொகை 1-ஐ விடக் குறைவு. நல்லவேளையாக, குறைவாக இருப்பது நமக்குச் சாதகமான பக்கத்தில்தான் இருக்கிறது. 1-இலிருந்து 1-க்கு மேற்படாத ஒன்றைக் கழித்தால் மைனஸ் வராது. நிரூபணம் இங்கே முடிகிறது.

இதைக் காட்ட ஒரு சின்னக் கணக்கு. ஏப்ரல் மாதத்து நாளுக்கு P: மழை இல்லை 0.9, லேசான மழை 0.1, கனமழை 0 என்று ஒருவர் வைக்கிறார் என்று கொள்வோம். Q: 0.8, 0.1, 0.1. இப்போது D = 0.9 × ln(0.9/0.8) + 0.1 × ln 1 = 0.1060. மைனஸ் உறுப்பே இல்லை. கனமழைக்கு Q ஒதுக்கிய 0.1 கூட்டலில் நேராக வருவதில்லை, ஆனால் அதை ஒதுக்கியதால் மற்ற இடத்தில் Q குறைந்துபோனது D-யில் தெரிகிறது. வரம்பு சொல்வது: D குறைந்தது 1 − 0.9 = 0.1. கிடைத்தது 0.1060. பொருந்துகிறது.

படி 4: எப்போது சரியாகப் பூஜ்ஜியம்

மேலே இரண்டு இடத்தில் ≥ வந்தது. D பூஜ்ஜியமாக வேண்டுமென்றால் இரண்டுமே சமமாக வேண்டும். முதலாவது சமமாக, S-க்குள் ஒவ்வொரு நிகழ்விலும் q/p = 1 ஆக இருக்க வேண்டும், ஏனென்றால் ln x = x − 1 என்பது x = 1-ல் மட்டுமே நடக்கும். அதாவது S-க்குள் p = q. அப்படியானால் S-க்குள் q-களின் கூட்டுத்தொகையும் 1 ஆகிவிடுகிறது, இரண்டாவது சமமும் தானாக வருகிறது. S-க்கு வெளியே Q-வுக்கு மிச்சம் எதுவும் இல்லை, அங்கேயும் p = q = 0. ஆக D பூஜ்ஜியம் என்றால் P-யும் Q-வும் ஒன்றேதான், நேர்மாறாகவும் அப்படியே. படி 1-ல் 'ஒரே இடத்தில்தான் சமம்' என்று வலியுறுத்தியது இதற்காகத்தான். அந்தச் சொற்களை விட்டுவிட்டால் D ≥ 0 மட்டும் கிடைக்கும், D = 0 என்பதற்கு அர்த்தம் கிடைக்காது.

அப்புறம், D-ஐத் தொலைவு என்று நினைத்துவிடக் கூடாது. P-யையும் Q-வையும் இடம் மாற்றிப் போட்டால் நம் எண்களுக்கு D(Q‖P) = 0.0851 வருகிறது, 0.0920 அல்ல. இதிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ln(p/q) என்ற அதே மூன்று எண்களை P-யின் எடையில் சராசரி எடுத்தால் 0.0920. Q-வின் எடையில் எடுத்தால் −0.0851, ஏனென்றால் அது −D(Q‖P). ஆக, பட்டியல் ஒன்றுதான். விகிதத்தின் மேலே இருப்பவரின் எடையைப் போட்டால் சராசரி மைனஸாகாது, கீழே இருப்பவரின் எடையைப் போட்டால் பிளஸாகாது. எடை மாறிப்போவது கணக்குப் போடும்போது அடிக்கடி நடக்கும் பிசகு. மைனஸ் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

கணினியில் மைனஸ் வந்தால்

தேற்றம் உறுதியானது. ஆனால் கணினி நிரல் எழுதுகிறவர்கள் திரையில் மைனஸ் D-ஐப் பார்ப்பதும் உண்மை. நிரூபணத்தை மனதில் வைத்திருந்தால், எந்தப் படி மீறப்பட்டது என்று தேடிப்போகலாம்.

பெரும்பாலும் காரணம் Q-வின் கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டியிருப்பது. Q-வை 0.7, 0.4, 0.3 என்று வைத்தால் மொத்தம் 1.4. இப்போது 'D' = −0.3356. படி 3-ன் வரம்பு இங்கேயும் வேலை செய்கிறது: குறைந்தபட்சம் 1 − 1.4 = −0.4, அதற்குக் கீழே போகவில்லை. Q-வை c மடங்கு பெருக்கினால் D-யிலிருந்து ln c கழிகிறது. எண்ணிக்கைகளை நிகழ்தகவாக மாற்றாமல் அப்படியே போட்டவர்களுக்கு மிகப்பெரிய மைனஸ் வருவதற்குக் காரணம் இதுதான்.

பைத்தானில் சைபை நூலகம் வைத்திருப்பவர்கள் இந்தச் சில வரிகளை ஓட்டிப் பார்க்கலாம்:

```python
import numpy as np
from scipy.special import rel_entr, kl_div

p = np.array([0.5, 0.3, 0.2])
q = np.array([0.7, 0.2, 0.1])
print(rel_entr(p, q), rel_entr(p, q).sum())
print(kl_div(p, q), kl_div(p, q).sum())
```

`rel_entr` தருவது p ln(p/q) என்ற உறுப்புகள், முதலாவது மைனஸ். `kl_div` தருவது p ln(p/q) − p + q, அதாவது படி 2-ல் பார்த்த அதே கூடுதல்கள், எல்லாமே பிளஸ். இரண்டின் மொத்தமும் 0.0920. இப்போது q-வின் இடத்தில் 0.7, 0.4, 0.3 போட்டுப் பாருங்கள். `rel_entr`-இன் மொத்தம் −0.3356 என்று மாறி, ஏதோ தப்பு என்று எச்சரிக்கும். `kl_div`-இன் மொத்தமோ 0.0644 என்று பிளஸாகவே நிற்கும், ஏனென்றால் அதன் ஒவ்வொரு உறுப்பும் Q-வின் மொத்தம் என்னவாக இருந்தாலும் மைனஸாக முடியாது. பிளஸ் வந்துவிட்டதே என்று நம்பி விட்டுவிட்டால் பிழை உள்ளேயே தங்கிவிடும். `scipy.stats.entropy(p, q)` வேறு மாதிரி: அது இரண்டையும் தானாகவே மொத்தம் 1-க்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் கணக்கிடும். அதுவும் இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்காது. எனவே எதை அழைத்தாலும் அதற்கு முன் `q.sum()`-ஐ ஒருமுறை அச்சிட்டுப் பார்த்துவிடுவது என் பழக்கம்.

பைடார்ச்சின் `kl_div` இன்னொரு பொறி. முதலில் தரும் Q-வை அது நிகழ்தகவாக எதிர்பார்ப்பதில்லை, அதன் மடக்கையாக எதிர்பார்க்கிறது. மடக்கை எடுக்காமல் Q-வையே கொடுத்தால் Σ p(ln p − q) என்ற பொருளற்ற ஒன்றைக் கணக்கிடும். நம் எண்களுக்கு அந்தக் கூட்டல் −1.46 வரும். இவ்வளவு பெரிய மைனஸ் வந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

−0.0000000000000001 போல மிகச் சிறிய மைனஸ் வந்தால் கதை வேறு. P-யும் Q-வும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்போது ஒவ்வொரு உறுப்பும் p − q-வின் அளவில் இருக்கும், ஆனால் அவை ஒன்றையொன்று அடித்துக்கொண்ட பின் மிஞ்சும் D அந்த வித்தியாசத்தின் வர்க்கத்தின் அளவில்தான் இருக்கும். வித்தியாசம் 10⁻⁹ என்றால் D சுமார் 10⁻¹⁸. கணினியின் வழக்கமான 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணில் 1-ஐ ஒட்டிய எண்களுக்குச் சுமார் 16 இலக்கத் துல்லியம்தான் உண்டு. மிஞ்ச வேண்டிய D அந்தத் துல்லியத்துக்குள் மூழ்கிவிடுகிறது, குறி எப்படியும் விழலாம். அதைப் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

மாதிரிகளிலிருந்து மதிப்பிடும்போது

நிகழ்வுகள் மூன்றாக இல்லாமல் கோடிக்கணக்கில் இருந்தால் முழுக் கூட்டலைப் போட முடியாது. P-யிலிருந்து சில மாதிரிகளை எடுத்து, அவற்றில் ln(p/q)-வின் சராசரியைப் பார்ப்பார்கள். இங்கே மைனஸ் வருவது பிழையே அல்ல. நவம்பரில் தொடர்ந்து மூன்று நாள் மழை இல்லாமல் போய், அந்த மூன்றையே மாதிரியாக எடுத்திருந்தால் சராசரி ln(0.5/0.7) = −0.3365. கிப்ஸ் சமனிலி P-யின் கீழான முழுச் சராசரியைப் பற்றியது. கையில் இருக்கும் மூன்று நாளைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. மாதிரிகள் கூடக் கூட, சராசரி 0.0920-ஐ நோக்கி வரும்.

இங்கேயும் படி 2 உதவிக்கு வருகிறது. r = q/p என்று வைத்து, −ln r-க்குப் பதிலாக r − 1 − ln r-இன் சராசரியை எடுத்தால், ஒவ்வொரு மாதிரியும் தனித்தனியாகவே மைனஸாகாது. இது படி 1-ன் f(r) தானே. அந்த மூன்று வறண்ட நாட்களுக்கு r = 1.4, மதிப்பு 0.4 − 0.3365 = 0.0635. கனமழை நாளுக்கு r = 0.5, மதிப்பு −0.5 + 0.6931 = 0.1931. P-யின் எடையில் மூன்று நிகழ்வுகளையும் கூட்டினால் அதே 0.0920 வரும், ஏனென்றால் சேர்த்த r − 1 என்ற பகுதியின் சராசரி Σ_S q − 1, நம் எடுத்துக்காட்டில் அது பூஜ்ஜியம்.

ஆனால் அது பூஜ்ஜியம் என்பதற்கு நிபந்தனை உண்டு, அது படி 3-லேயே வந்துவிட்டது. P தொடாத இடத்தில் Q எடை வைத்திருந்தால் Σ_S q − 1 மைனஸாகிவிடும், மதிப்பீடு D-ஐ விட அவ்வளவு குறைந்துவிடும். ஏப்ரல் கணக்கை இப்படி மதிப்பிட்டால், எத்தனை நாள் மாதிரி எடுத்தாலும் 0.1060-ஐ நெருங்காது, 0.0060-இல் போய் நிற்கும். எண் பிளஸாகவே இருப்பதால் திரையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. Q எந்தெந்த நிகழ்வுகளுக்கு இடம் கொடுத்திருக்கிறது, அவற்றில் P-யிலிருந்து மாதிரியே வர வாய்ப்பில்லாதவை எவை என்று தனியாகச் சரிபார்க்க வேண்டும். அப்படி ஏதாவது இருந்தால் −ln r-இன் சராசரிக்கே திரும்பிவிடுங்கள். அது சில சமயம் மைனஸ் காட்டும், ஆனால் சராசரியில் சரியான எண்ணை நோக்கியே போகும்.